ஒரே நகர்வுக்குள் இரண்டு திருப்பங்கள்: பாம்பு தன் கழுத்தில் மோதுவதைத் தடுக்க எந்த வழி?

பாம்பு விளையாட்டை எழுதி முடித்து, பிறரிடம் விளையாடக் கொடுத்தால், சற்று நேரத்தில் ஒரு புகார் வரும்: சரியாகத்தான் திருப்பினேன், எதிலும் மோதவில்லை, ஆனாலும் பாம்பு செத்துவிட்டது. நான் எழுதிய விளையாட்டுக்கும் இதே புகார் வந்தது. வலப்பக்கம் சென்றுகொண்டிருந்த பாம்பைத் திருப்பி இடப்பக்கம் கொண்டுவர வேண்டும் என்று எண்ணிய ஒருவர், மேல் விசையையும் இட விசையையும் அடுத்தடுத்து விரைவாக அழுத்தியிருக்கிறார். பாம்பு ஒரு கட்டம் மேலேறி, பிறகு இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மாறாக, மேலே ஏறாமலேயே தலை பின்னோக்கித் திரும்பித் தன் கழுத்தில் மோதிவிட்டது. நேர் எதிர்த் திசையில் திரும்பக் கூடாது என்ற தடையை நான் முன்பே எழுதியிருந்தேன் என்பதால், அந்தப் புகாரை முதலில் நம்பவில்லை.

அந்தத் தடை இப்படி இருந்தது:

```js
if (e.key === "ArrowUp" && dir !== "down") dir = "up";
if (e.key === "ArrowLeft" && dir !== "right") dir = "left";
```

மற்ற இரண்டு திசைகளுக்கும் இதே போன்ற வரிகள் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் சரியானதே. பாம்பு 150 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு கட்டம் நகர்கிறது என்று கொள்வோம். விளையாட்டு தொடங்கியதிலிருந்து 150-ஆவது மில்லிநொடியில் பாம்பு வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தது. அடுத்த நகர்வு 300-இல் நிகழும். 172-இல் மேல் விசை அழுத்தப்படுகிறது. `dir` அப்போது `"right"` என்பதால் தடை ஏதும் இல்லை, அது `"up"` ஆகிறது. 232-இல் இட விசை அழுத்தப்படுகிறது. இப்போது `dir` `"up"` ஆக இருப்பதால், இடப்பக்கத்துக்கு அது எதிர்த் திசை அன்று, எனவே `"left"` ஆகிவிடுகிறது. 300-இல் பாம்பு நகர வேண்டிய நேரம் வரும்போது, `"up"` என்ற இடைநிலை எந்தத் தடயமும் இல்லாமல் அழிந்திருக்கிறது. வலப்பக்கம் நகர்ந்து நின்ற தலைக்கு இடப்பக்கம் நகரும்படி கட்டளை கிடைக்கிறது.

ஆக, `dir` என்ற ஒரே மாறி இரண்டு வேறுபட்ட செய்திகளைச் சுமக்கிறது. பாம்பு கடைசியாக எத்திசையில் நகர்ந்தது என்பது ஒன்று. விளையாடுபவர் அடுத்து எத்திசையை விரும்புகிறார் என்பது மற்றொன்று. இரண்டு நகர்வுகளுக்கு நடுவே ஒரே ஒரு விசை அழுத்தப்படும்வரை இவ்விரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதால் கேடு ஏதும் வராது. இரண்டாவது விசை வந்த கணத்திலேயே, தடையானது பாம்பின் உடலோடு ஒப்பிடாமல், இன்னும் நிறைவேறாத விருப்பத்தோடு ஒப்பிடத் தொடங்கிவிடுகிறது.

இதை ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு விசைகள் விழும் பிழை என்று சொல்வது வழக்கம்; அந்தச் சொல் சிலரைத் திசைதிருப்பிவிடுகிறது. திரை நொடிக்கு 60 முறை வரையப்பட்டால் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான், அதற்குள் இரண்டு விசைகளை அழுத்துவது அரிது, ஆகவே இப்பிழையும் அரிது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இங்கே கணக்கில் வரும் கால அளவு திரையின் ஃபிரேம் அன்று, பாம்பின் இரண்டு நகர்வுகளுக்கு இடைப்பட்ட நேரம். தலை கட்டத்துக்குக் கட்டம் தாவாமல் வழுக்கிச் செல்வது போல வரையப்பட்டிருந்தாலும், திருப்பம் கட்டத்தின் எல்லையில் மட்டுமே நிகழுமானால், ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரம் முழுவதும் இந்த ஆபத்துக்கு உட்பட்டதே.

அது எவ்வளவு அடிக்கடி நிகழும் என்பதை எளிய கணக்கில் காணலாம். இரண்டு விசைகளுக்கும் இடையே 60 மில்லிநொடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரல்கள் பழகிய ஒருவருக்கு இது இயல்பான வேகம். நகர்வு 150 மில்லிநொடிக்கு ஒருமுறை நிகழ்ந்தால், முதல் விசை அந்த இடைவெளியின் முதல் 90 மில்லிநொடிக்குள் விழும்போதெல்லாம் இரண்டாவதும் அதே இடைவெளிக்குள் விழும். அதாவது பத்து முயற்சிகளில் ஆறு. நகர்வு 100 மில்லிநொடியாகக் குறைந்தால் பத்தில் நான்கு. 60 ஆகக் குறைந்தால் இரண்டும் ஒருபோதும் ஒன்றாக விழா. விளையாட்டு வேகமெடுக்கும் கடினக் கட்டங்களில்தான் பிழை மிகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் மெதுவான தொடக்கக் கட்டங்களில்தான் அது மிகுதி. மேலே சொன்ன எடுத்துக்காட்டிலேயே, அதே இரண்டு விசைகள் 90 மில்லிநொடி தாமதித்து 262-இலும் 322-இலும் விழுந்திருந்தால், நடுவே 300-இல் ஒரு நகர்வு நிகழ்ந்து பாம்பு அழகாகத் திரும்பியிருக்கும். ஒரே விரலசைவு ஒருமுறை காப்பாற்றி, மறுமுறை கொல்வதற்குக் காரணம் இதுவே. புகார் சொல்பவரால் அதை மீண்டும் செய்து காட்ட முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

சோதிக்கும் நிரலரின் கண்ணுக்கு இது தப்பிவிட இன்னொரு காரணமும் உண்டு. வால் முதலில் விலகிய பின்னரே மோதலைச் சரிபார்க்கும் நிரலில், இரண்டு கட்ட நீளமுள்ள பாம்பு பின்னோக்கித் திரும்பினாலும் சாகாது: கழுத்தாக இருப்பதே வாலும் ஆகையால், தலை வரும் முன் அது அந்தக் கட்டத்தை விட்டு விலகிவிடுகிறது. மூன்று கட்டமும் அதற்கு மேலும் நீண்ட பாம்பே சாகும். விளையாட்டைத் தொடங்கியவுடன் நாலைந்து திருப்பங்களைச் செய்து பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று முடிவுசெய்பவர், குட்டிப் பாம்பை மட்டுமே சோதித்திருப்பார்.

திருத்துவதற்குப் பல வழிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றுள் எதைத் தேர்வது என்று முடிவு செய்ய, பாம்பு சாகாமல் இருந்தால் போதுமா என்ற கேள்வி மட்டும் போதாது. ஏறத்தாழ எல்லா வழிகளும் அந்தத் தேர்வில் தேறிவிடும். அழுத்தப்பட்ட இரண்டாவது விசை என்ன ஆகிறது என்பதே அவற்றைப் பிரித்துக் காட்டும் கேள்வி. அதைப் பார்ப்பதற்கு ஒரே ஒரு நெருக்கடியான நிலையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியையும் அதில் ஓட்டிப் பார்க்கிறேன்.

பலகை 20-க்கு 20 கட்டங்கள். எண்ணிக்கை 0-இலிருந்து 19 வரை. முதல் எண் இடமிருந்து வலமாகவும், இரண்டாவது மேலிருந்து கீழாகவும் கூடுகிறது. பாம்பு நன்கு வளர்ந்து, பலகையில் மடிந்து மடிந்து கிடக்கிறது. தலை (18,5)-இல் இருந்து வலப்பக்கம் போகிறது. அதற்குக் கீழே 6-ஆம் நிரை காலியாக உள்ளது. 7-ஆம் நிரையில் பாம்பின் உடல் நீண்டு கிடக்கிறது. விளையாடுபவர் கீழ் விசையையும் இட விசையையும் ஒரே நகர்வுக்குள் அழுத்துகிறார். தலை (18,6)-க்கு இறங்கி, உடனே (17,6)-க்குத் திரும்பி, அந்த ஒற்றைக் கட்ட இடுக்கில் இடப்பக்கமாக நுழைய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நீண்ட பாம்பை வைத்திருப்பவர் இந்தத் திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும் என்பதால், இது வேண்டுமென்றே புனைந்த அரிய நிலை அன்று.

முதல் வழி, பூட்டு. ஒரு திருப்பம் ஏற்கப்பட்டவுடன் ஒரு கொடியை உயர்த்திவிட்டு, அடுத்த நகர்வு முடியும்வரை வேறு எந்த விசையையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. மூன்றே வரிகளில் முடிந்துவிடும். பாம்பு பின்னோக்கித் திரும்ப வழியே இல்லை. நம் எடுத்துக்காட்டில் கீழ் விசை ஏற்கப்படுகிறது, இட விசை வீசியெறியப்படுகிறது. தலை (18,6)-க்கு வருகிறது. கீழ்த் திசை தொடர்வதால் அடுத்த நகர்வில் (18,7)-இல் கிடக்கும் உடலில் மோதுகிறது. விளையாடுபவருக்குக் கிடைத்த அவகாசம் ஒரு நகர்வு, அதாவது 150 மில்லிநொடி. கண்ணால் கண்டு விரலால் எதிர்வினையாற்ற மனிதருக்குப் பொதுவாக 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். தாம் அழுத்திய விசை ஏற்கப்படவில்லை என்று அவர் உணர்வதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். மரணத்தை ஒரு நகர்வு தள்ளிப்போட்டதோடு, அதற்கு ஒரு நியாயமான தோற்றத்தையும் கொடுத்திருக்கிறோம். உடலில் மோதிச் செத்ததாகத் திரையில் தெரிவதால், இனிப் புகார்கூட வராது. பிழை அப்படியே இருக்க, புகார் மட்டும் நின்றுபோவதை நான் முன்னேற்றமாகக் கருதவில்லை.

இரண்டாவது வழி, பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது: மாறியை இரண்டாகப் பிரிப்பது. கடைசியாக நகர்ந்த திசை `moved` என்ற மாறியிலும், விரும்பிய திசை `next` என்ற மாறியிலும் இருக்கும். விசை அழுத்தப்படும்போது `moved`-ஓடு ஒப்பிட்டுத் தடை செய்து, ஏற்கத்தக்கதானால் `next`-இல் எழுதுவது. நகரும்போது `next`-ஐ `moved`-க்கு மாற்றுவது. நோயின் காரணத்தை நேராகத் தொடுகிற திருத்தம் இது என்பதால் எனக்கு இதன் மீது மதிப்பு உண்டு. பூட்டில் முதலில் வந்த விசை வெல்லும்; இதில் கடைசியாக வந்த ஏற்கத்தக்க விசை வெல்லும். இந்த வேறுபாடு ஓரிடத்தில் உண்மையிலேயே பயன்படுகிறது. வலப்பக்கம் போகும்போது தவறுதலாக மேல் விசையைத் தட்டிவிட்டு, உடனே சுதாரித்துக் கீழ் விசையை அழுத்தினால், பூட்டு பாம்பை மேலே அனுப்பிவிடும். பிரித்த மாறி கீழே அனுப்பும்.

ஆனால் நம் இடுக்கில் இவ்வழியும் காப்பாற்றாது. கீழ் விசை `next`-இல் அமர்கிறது. இட விசை `moved`-இல் உள்ள வலப்பக்கத்துக்கு எதிர் என்பதால் தள்ளப்படுகிறது. பூட்டுக்கு நேர்ந்த கதியே இதற்கும். இன்னொரு நிலையில் இது பூட்டையும் விட விநோதமாக நடந்துகொள்ளும். எதிரே ஒரு தடை இருக்க, ஒரு நிரை மட்டும் மேலேறி மீண்டும் வலப்பக்கமே செல்வதற்காக மேல், வலம் என்று விரைவாக அழுத்துகிறோம் என்று கொள்வோம். வலப்பக்கம் `moved`-க்கு எதிர் அன்று; ஆகவே அது ஏற்கப்பட்டு, `next`-இல் காத்திருந்த மேல் திசையை அழித்துவிடுகிறது. பாம்பு எதுவுமே அழுத்தாதது போல நேராகப் போய்த் தடையில் முட்டும். அழுத்திய இரண்டு விசைகளில் ஒன்றுகூட நிறைவேறாத இந்த நிலையை, இத்திருத்தத்தைப் பரிந்துரைப்பவர்கள் பலர் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது வழி, திசைகளை மறந்துவிட்டு உடலையே கேட்பது. அடுத்து தலை போகவிருக்கும் கட்டம் கழுத்து இருக்கும் கட்டமே என்றால், அந்தக் கட்டளையைப் புறக்கணித்துவிட்டு முன்பு போன திசையிலேயே போகச் செய்வது. ஒரே ஒரு கட்ட நீளமுள்ள பாம்புக்குக் கழுத்தே இல்லை என்பதால் அது எத்திசையிலும் திரும்பலாம் என்ற நியாயம் இதில் தானாகவே கிடைத்துவிடுகிறது. திசைகளை ஒப்பிடும் தடைகளில் அதற்குத் தனி விதி எழுத வேண்டியிருக்கும். பலகையின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளிவரும் வகை விளையாட்டில் மட்டும், விளிம்பைக் கடந்த பிறகு கிடைக்கும் கட்டத்தைக் கணக்கிட்டே ஒப்பிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நம் இடுக்கில் இது மூன்றிலும் மோசமானது. பழைய தடையோடு இதைச் சேர்த்தால், `dir` கீழாகி, பிறகு இடமாகி, நகரும் நேரத்தில் இடம் புறக்கணிக்கப்பட்டு, பாம்பு (19,5)-க்கு நேராகப் போகிறது. அடுத்த நகர்வில் சுவர். கீழ் விசையும் சேர்ந்தே தொலைந்துவிட்டது. உள்ளீட்டைக் கையாளும் வழியாக இதை நான் ஏற்க மாட்டேன். அதே ஒப்பீட்டைச் சோதனைக் காலத்தில் எச்சரிக்கையாக வைத்திருந்தால், வேறு எங்கேனும் ஓட்டை இருந்தால் அது உடனே கத்தும்; அந்தப் பணிக்கு இது மிகவும் ஏற்றது.

இந்த மூன்று வழிகளும் வேறு வேறு தோற்றம் கொண்டிருந்தாலும், ஒரு நகர்வுக்கு ஒரு விசையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்ற எல்லையை மூன்றும் ஏற்றுக்கொள்கின்றன. அந்த எல்லையை உடைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு.

அவற்றுள் ஒன்று, விசை அழுத்தப்பட்ட அதே கணத்தில் பாம்பை நகர்த்திவிடுவது. காத்திருப்பதற்கு எதுவும் இல்லாததால் இரண்டு விசைகளும் நிறைவேறும். இடுக்கினுள் பாம்பு நுழைந்துவிடும். கைக்கும் திரைக்கும் நடுவே தாமதமே தெரியாது. ஆயினும் நேரக்கணிப்பானை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால், விசையால் ஒரு கட்டம் நகர்ந்து ஐந்து மில்லிநொடியில் கணிப்பான் மறு கட்டம் நகர்த்திவிடும். அதைச் சரிசெய்தாலும், மேல் விசையையும் வல விசையையும் மாறிமாறித் தட்டுபவரின் பாம்பு மற்றவர்களுடையதைவிட வேகமாக ஓடும். வேகம் கூடக் கூடக் கடினமாவதே இவ்விளையாட்டின் அமைப்பு என்பதால், அந்தக் கடிவாளத்தை விளையாடுபவரின் விரல்களிடம் கொடுப்பது வேறொரு விளையாட்டை உருவாக்குவதாகும். அப்படி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு இது நல்ல வழி; பிழை திருத்த வந்தவருக்கு அன்று.

விசை நிகழ்வுகளை விட்டுவிட்டு, நகரும் நேரத்தில் எந்த விசை அழுந்தியிருக்கிறது என்று கேட்பதும் சிலருடைய வழக்கம். பைத்தான் மொழியின் பைகேமில் `pygame.key.get_pressed()` அதற்குத்தான் உள்ளது. நொடிக்குப் பத்து நகர்வுகள் உள்ள விளையாட்டில், இரண்டு நகர்வுகளுக்கு நடுவே அழுத்தி விடுவித்த விசை அதன் கண்ணில் படவே படாது. விசையை அழுத்திப் பிடித்து ஓட்டும் கார் விளையாட்டுக்கு ஏற்ற முறையை, தட்டித் திருப்பும் பாம்புக்குப் பொருத்துவது இது.

அந்த எல்லையை உடைக்கும் வழிகளில் எஞ்சியிருப்பது காத்திருப்பு வரிசை. அழுத்தப்படும் திருப்பங்களை வந்த ஒழுங்கிலேயே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு நகர்விலும் முன்னால் நிற்பதை மட்டும் எடுத்து நிறைவேற்றுவது. நம் எடுத்துக்காட்டில் கீழும் இடமும் வரிசையில் நிற்கின்றன. முதல் நகர்வில் தலை (18,6)-க்கும், இரண்டாவது நகர்வில் (17,6)-க்கும் போகிறது. மேல், வலம் என்ற படிக்கட்டுத் திருப்பமும் அப்படியே நிறைவேறுகிறது. ஒரு விசையும் வீணாகவில்லை.

இதை எழுதும்போது, புதிய விசையை எதனோடு ஒப்பிடுவது என்ற இடத்தில் கவனம் வேண்டும். பாம்பு கடைசியாக நகர்ந்த திசையோடு ஒப்பிட்டால், இட விசை மீண்டும் தள்ளப்பட்டுவிடும். வரிசை வைத்ததன் பயனே போய்விடும். வரிசையின் கடைசியில் நிற்கும் திருப்பத்தோடு ஒப்பிட வேண்டும். வரிசை காலியாக இருந்தால் மட்டுமே நகர்ந்த திசையோடு ஒப்பிட வேண்டும். ஏனெனில் இந்தப் புதிய விசை நிறைவேறும் நேரத்தில், அதற்கு முன்னால் நிற்பதுதான் பாம்பின் நகர்ந்த திசையாக மாறியிருக்கும். பழைய நிரலின் தடையும் நிறைவேறாத விருப்பத்தோடுதான் ஒப்பிட்டது, அது மட்டும் ஏன் தவறாயிற்று என்று கேட்கலாம். அங்கே அந்த விருப்பம் நிறைவேறாமலேயே அழிக்கப்பட்டது. இங்கே அது நிறைவேறுவது உறுதி.

```js
const opp = {up: "down", down: "up", left: "right", right: "left"};
let dir = "right", queue = [];

function turn(d) {
  const n = queue.length;
  const last = n ? queue[n - 1] : dir;
  if (d === last) return;
  if (d === opp[last]) {
    if (n) queue[n - 1] = d;
    return;
  }
  if (n < 2) queue.push(d);
}

function tick() {
  if (queue.length) dir = queue.shift();
  moveHead(dir);
}
```

இதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு காரணம் உண்டு. அதே திசை மீண்டும் வந்தால் புறக்கணிக்கும் வரி இல்லாவிட்டால், விசையை அழுத்திப் பிடித்திருப்பவரின் வரிசை அந்த ஒரே திசையின் நகல்களால் நிரம்பிவிடும். விசைப்பலகை தானாகவே நிகழ்வுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதன் பிறகு அழுத்தும் உண்மையான திருப்பம் அவற்றின் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். வரிசையைச் சேர்த்த பிறகு பாம்பு சோம்பலாகத் திரும்புகிறது என்று யாரேனும் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான்.

எதிர்த் திசை வரும் இடத்தில் நான் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறேன். பொதுவாக எழுதப்படும் வரிசைகளில், எதிர்த் திசை வந்தால் அது கழித்துக்கட்டப்படும். அதனால், முன்பு சொன்ன தவறைத் திருத்திக்கொள்ளும் வசதி வரிசையில் இல்லாமல் போகிறது: தவறுதலாக மேல் விசையைத் தட்டியவர் கீழ் விசையை அழுத்தினாலும் பாம்பு மேலேயே போகும். பிரித்த மாறிக்கு வரிசையின் மேல் இருந்த ஒரே மேன்மை அதுதான். ஆனால் மேல், கீழ் என்ற தொடர் பாம்பால் எப்போதுமே நிறைவேற்ற முடியாதது; ஆகவே அவற்றை அடுத்தடுத்து அழுத்தியவர் முதலாவதைத் திரும்பப் பெறுகிறார் என்றுதான் பொருள்கொள்ள முடியும். எனவே மேல் இன்னும் வரிசையில் காத்திருந்தால், அதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கீழை வைக்கலாம். இதனால் ஆபத்து நேருமா என்றால் நேராது. மேலுக்கு முன்னால் நிற்பது இடமாகவோ வலமாகவோதான் இருக்கும். அதன் பின் மேல் திசை எவ்வளவு பொருந்துமோ, கீழ்த் திசையும் அவ்வளவு பொருந்தும். நகர்வு நிகழ்ந்து மேல் நிறைவேறிவிட்டால் வரிசை காலியாகியிருக்கும். அப்போது கீழ் உண்மையாகவே எதிர்த் திசை, அதைத் தள்ளுவதே முறை.

வரிசையின் நீளத்தை இரண்டாக நிறுத்தியிருப்பது விவாதத்துக்கு உரியது. திருப்பிக் கொண்டுவருவதற்கும் படிக்கட்டுத் திருப்பத்துக்கும் இரண்டு போதும். 150 மில்லிநொடி நகர்வில், இரண்டாவதாக நிற்கும் விசை அழுத்தப்பட்ட 150-இலிருந்து 300 மில்லிநொடிக்குள் நிறைவேறும். மூன்றாவதாக ஒன்றை அனுமதித்தால் அது 300-இலிருந்து 450 வரை காத்திருக்க நேரும். அரை நொடிக்கு அருகில் வரும்போது விளையாடுபவரின் எண்ணம் மாறியிருக்கும், ஆனால் வரிசை அவருடைய பழைய எண்ணத்தையே நிறைவேற்றிக்கொண்டிருக்கும். வரம்பே இல்லாமல் விட்டால், பதற்றத்தில் எட்டு விசைகளைத் தட்டியவர், தாம் கைவிட்ட கட்டளைகளைப் பாம்பு ஒவ்வொன்றாக நிறைவேற்றிச் சாவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். நகர்வு 80 மில்லிநொடிக்கும் குறைவான வேக விளையாட்டில் மூன்று வைப்பவரோடு நான் வாதிட மாட்டேன்.

வரிசைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. மற்ற வழிகளில் அது இந்த அளவுக்குத் தலைகாட்டாது. ஆட்டம் முடிந்த கணத்தில் வரிசையில் நின்றிருந்த விசைகள், வரிசையைக் காலிசெய்யாவிட்டால், அடுத்த ஆட்டத்தின் முதல் நகர்வுகளாக நிறைவேறும். புதிய பாம்பு யாரும் தொடாமலே திரும்புவதைக் கண்டால் காரணம் அதுதான். புதிய ஆட்டம் தொடங்கும் இடத்திலும், இடைநிறுத்தத்திலிருந்து மீளும் இடத்திலும் `queue = []` என்று எழுதினால் தீர்ந்துவிடும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பொதுவான பாம்பு விளையாட்டுக்கு நான் தேர்வது, இரண்டு இடங்கள் கொண்ட, திருத்திக்கொள்ளும் வசதியுள்ள இந்த வரிசையைத்தான். பிரித்த மாறியைவிட இதற்கு ஏழெட்டு வரிகள் மிகுதியாகும். அதற்கு ஈடாக, விளையாடுபவரின் இரண்டாவது விசை பத்தில் ஆறு முறை தொலைவது நின்றுபோகிறது. வகுப்பில் முதல் நிரலாக எழுதிக் காட்டும்போது மட்டும் பிரித்த மாறியைத் தேர்வேன். நகர்ந்த திசைக்கும் விரும்பிய திசைக்கும் உள்ள வேறுபாடு அதில் கண்ணுக்குத் தெரியும் வடிவில் இருக்கிறது, வரிசையில் அது மறைந்துவிடுகிறது. நகர்வு 60 மில்லிநொடிக்கும் கீழே போகும் விளையாட்டிலும் அதுவே போதும், ஏனெனில் இரண்டு விசைகள் ஒன்றாக விழுவதே அங்கே அரிது. பூட்டைத் தேர்வதற்கு ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை. அதே அளவு உழைப்பில் பிரித்த மாறி கிடைக்கிறது.

இவற்றுள் எதுவுமே தீர்க்காத ஒரு நிலையையும் சொல்லிவிட வேண்டும். கட்டங்களே இல்லாமல், ஃபிரேமுக்கு இரண்டு பிக்சல் வீதம் நகர்ந்து, எந்தப் பிக்சலிலும் திரும்பக்கூடிய பாம்பு, மேலே இரண்டு பிக்சல் ஏறியவுடன் இடப்பக்கம் திரும்பினால், இருபது பிக்சல் அகலமுள்ள தன் உடலின் மேலேயே ஊர்ந்துவிடும். இங்கே விசைகள் வெவ்வேறு ஃபிரேம்களில் விழுந்தாலும் மரணம்தான். ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் நடுவே குறைந்தது உடலின் அகலத்தளவாவது கடந்திருக்க வேண்டும் என்ற விதியை வைத்து, அதுவரை இரண்டாவது விசையை வரிசையில் நிறுத்திவைக்க வேண்டும். வரிசை அப்படியே பயன்படும். அதிலிருந்து எடுக்கும் நேரம்தான் மாறும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், விரல்களால் அதைச் சோதிக்க முயல்வது வீண். நகர்வின் எல்லை எங்கே விழுகிறது என்பது நம் கையில் இல்லை. நேரக்கணிப்பானை நிறுத்திவிட்டு, செயற்கூறுகளை நாமே அழைப்பதுதான் உறுதியான சோதனை. மூன்று கட்டத்துக்குக் குறையாத பாம்பை (10,5)-இல் வலப்பக்கம் நோக்கி நிறுத்தி, இதை ஓட்டலாம்:

```js
turn("up"); turn("left");
tick(); tick();
```

தலை (10,4) வழியாக (9,4)-இல் நின்றால் வரிசை சரியாக இயங்குகிறது. பழைய நிரலில் முதல் `tick()`-லேயே தலை (9,5)-க்குப் போய்ப் பாம்பு செத்திருக்கும். பூட்டிலும் பிரித்த மாறியிலும் அது (10,3)-இல் உயிரோடு நிற்கும். ஆட்டம் முடியாததை மட்டும் பார்க்கும் சோதனை அதைத் தேறியதாகவே காட்டும். ஆகவே தலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையே சோதனை கேட்க வேண்டும். இதே சோதனையை `turn("up"); turn("right");` என்று மாற்றி ஓட்டினால் தலை (11,4)-இல் நிற்க வேண்டும். பிரித்த மாறியில் அது (12,5)-இல் நிற்கும்.